படத்தைக் கொடுத்து "கோடு, நிறம், காட்சியமைப்பு" கேட்டால் என்ன எழுதுவது? மாணவர் கேள்விகளும் பதில்களும்

ஓவியப் பாடத்தில் ஓர் அச்சுப்படத்தைக் கொடுத்து ரசனைக் குறிப்பு எழுதச் சொல்லும் கேள்வி பலரையும் தடுமாற வைக்கிறது. அதைப் பற்றி மாணவர்கள் கேட்பவற்றைத் தொகுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே ஓவியத்தை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த "பனியில் வேட்டைக்காரர்கள்" தான் அந்த ஓவியம். மூலம் வியன்னாவில் உள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் நல்ல படம் எளிதாகக் கிடைக்கும். அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"விவரித்து விளக்குக" என்று கேட்கிறார்கள். விவரிப்பதும் விளக்குவதும் ஒன்றுதானே?

இல்லை, இரண்டும் வேறு வேலைகள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதே படத்தைப் பார்த்து "ஆமாம், இருக்கிறது" என்று மறுப்பில்லாமல் ஒப்புக்கொள்ளக் கூடியதைச் சொன்னால் அது விவரிப்பு. "மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டி நடக்கிறார்கள்" என்பது அப்படிப்பட்டது. "அவர்கள் களைத்திருக்கிறார்கள்" என்று எழுதியவுடன் நீங்கள் விளக்கத்துக்குள் போய்விட்டீர்கள். அங்கே ஒருவர் "எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். குனிந்த தோள்கள், பனியில் புதையும் கால்கள், தலை தாழ்ந்து பின்னால் வரும் நாய்கள் என்று படத்திலிருந்தே உங்களால் காட்ட முடிய வேண்டும்.

விடையில் இரண்டும் வேண்டும். விவரிப்பு மட்டும் இருந்தால் பொருட்பட்டியலாகிவிடும். விளக்கம் மட்டும் இருந்தால் படத்தைப் பார்க்காமலேயே எழுதியதுபோல் இருக்கும். கோடு, நிறம், காட்சியமைப்பு என்று கேள்வியில் மூன்றைக் குறிப்பிடுவதே இந்த இரண்டையும் இணைக்கத்தான். கண்ணில் படும் ஒன்று எந்த வழியாக மனதில் ஓர் உணர்வாகிறது என்பதை அந்த மூன்றின் மூலம் சொல்ல வேண்டும்.

படத்தைப் பார்த்ததும் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கொஞ்ச நேரம் பேனாவைத் தொடாமல் பாருங்கள். முதலில் எங்கே கண் போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். அப்புறம் முன்பகுதி, நடுப்பகுதி, தொலைவு என்று மூன்றாகப் பிரித்து, என்ன இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்த ஓவியத்தில் முன்பகுதி ஒரு பனி மேடு. இடப்பக்கத்தில் மூன்று வேட்டைக்காரர்களும் ஒரு நாய்க்கூட்டமும் மேட்டின் விளிம்பை நோக்கிப் போகிறார்கள். ஒருவருடைய தோளில் சாய்ந்த ஈட்டியில் ஒரே ஒரு நரி தொங்குகிறது. அவர்களுக்கு இடப்புறம் ஒரு விடுதி. அதன் வாசலில் சிலர் தீ மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கியிலிருந்து கழன்று கோணலாகத் தொங்குகிறது. மேட்டில் இலையில்லாத உயர்ந்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மேட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கு: உறைந்த குளங்கள், அவற்றின்மேல் சறுக்கி விளையாடும் சிறுசிறு மனிதர்கள், பனி மூடிய கூரைகள், ஒரு தேவாலயம். தொலைவில் வலப்பக்கம் கூர்மையான பாறை மலைகள். மேலே நீண்ட வாலுள்ள ஒரு பறவை சிறகை விரித்துப் பறக்கிறது.

இவ்வளவையும் விடையில் எழுத வேண்டாம். மூன்று நான்கு வாக்கியங்களில் அடக்குங்கள். ஆனால் இவ்வளவையும் பார்த்திருந்தால்தான் பிறகு விளக்கம் எழுத உங்களிடம் சான்றுகள் இருக்கும். கோணலாகத் தொங்கும் அந்தப் பலகையை முதல் பார்வையில் பலரும் தவறவிடுவார்கள்.

கோட்டைப் பற்றி என்ன எழுதுவது? இது வண்ண ஓவியம், கோடே தெரியவில்லையே?

பென்சில் கோட்டைத் தேடினால் கிடைக்காது. இந்தக் கேள்வியில் கோடு என்பது மூன்று இடங்களில் இருக்கும். ஒன்று, இரண்டு பரப்புகள் சந்திக்கும் விளிம்பு. இரண்டு, கிளை, ஈட்டி போல மெல்லிய பொருளே கோடாக நிற்பது. மூன்று, தனித்தனியாக இருக்கும் பொருள்களை நம் கண் சேர்த்து இழுத்துக்கொள்ளும் திசை.

இந்த ஓவியத்தில் மூன்றையும் காட்டலாம். பனி மேட்டின் விளிம்பைப் பாருங்கள். அது இடப்பக்கத்தில் உயரத்தில் தொடங்கி, வலப்பக்கக் கீழ் மூலையை நோக்கிச் சரிகிறது. படத்தை முன்பகுதி என்றும் பள்ளத்தாக்கு என்றும் அறுத்துப் பிரிப்பது இந்த ஒரு சாய்கோடுதான். அடுத்து மரங்களின் அடிகளை இணைத்துப் பாருங்கள். இடக்கீழ்ப் பக்கத்திலிருந்து படத்தின் ஆழத்தை நோக்கி இன்னொரு சாய்வு கிடைக்கும். வேட்டைக்காரர்களும் அதே சாய்வில்தான் நடக்கிறார்கள். ஆக இரண்டு சாய்கோடுகள். ஒன்று நம்மைப் பள்ளத்தாக்கிலிருந்து பிரிக்கிறது, மற்றொன்று பள்ளத்தாக்குக்குள் இழுத்துச் செல்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறியில்தான் அந்த மனிதர்கள் நிற்கிறார்கள்.

மரங்களின் தண்டுகள் செங்குத்துக் கோடுகள். அவை கறுத்து, நேராக, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சிறுத்துப் போகின்றன. தண்டு மேலே போகப் போகக் கிளைகள் மெலிந்து, வானத்தின்மேல் மை கீறியதுபோல் சிக்கலாகின்றன. கீழே உறைந்த குளங்களின் கரைகளோ தட்டையான, படுத்த கோடுகள். தெளிவாக வெட்டிய அந்த விளிம்புகளால்தான் பனிக்கட்டியின் இறுக்கம் நமக்குத் தெரிகிறது.

வீட்டில் பயிற்சி செய்யும்போது அச்சுப்படத்தின்மேல் ஒரு டிரேசிங் தாளை வைத்து, முக்கியமான ஐந்து ஆறு திசைகளை மட்டும் இழுத்துப் பாருங்கள். தாளை எடுத்த பிறகு அதில் மிஞ்சுவதுதான் நீங்கள் எழுத வேண்டிய "கோடு". ஆளையும் நாயையும் வரையத் தொடங்கிவிட்டால் பயிற்சி கெட்டுப்போகும். திசையை மட்டும் இழுங்கள்.

நிறத்துக்குக் "குளிர்ந்த நிறங்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன" என்று எழுதினேன். அரை மதிப்பெண்தான் கிடைத்தது. ஏன்?

அந்த வாக்கியம் ஆயிரம் ஓவியங்களுக்குப் பொருந்தும் என்பதால். எந்தெந்த நிறம், எங்கே, எவ்வளவு, எதற்கு எதிராக என்று சொன்னால்தான் அது இந்த ஓவியத்தைப் பற்றிய வாக்கியமாகும்.

புரூகல் மிகக் குறைந்த நிறங்களையே எடுத்திருக்கிறார். பெரும்பரப்பு முழுவதும் பனியின் வெண்மை, வானத்தின் பச்சை கலந்த சாம்பல், மரத்துக்கும் ஆடைக்குமான கரும்பழுப்பு, அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியது, வானத்தின் அதே பச்சைச் சாம்பலே குளத்துப் பனிக்கட்டியிலும் வருகிறது என்பது. மேலேயும் கீழேயும் ஒரே நிறம் வருவதால் நடுவிலுள்ள ஊர் முழுவதும் ஒரே குளிருக்குள் மூடப்பட்டதுபோல் ஆகிறது. சூரியனும் தெரியவில்லை, மரங்களுக்குத் திட்டமான நிழலும் விழவில்லை. அதனால் வெளிச்சம் எங்கும் மந்தமாகப் பரவிக் கிடக்கிறது.

இப்போது விடுதி வாசலில் எரியும் தீயைப் பாருங்கள். அளவில் அது மிகச் சிறியது. ஆனால் இவ்வளவு வெளிறிய பரப்புக்கு நடுவே மஞ்சளும் ஆரஞ்சும் அங்கேதான் பளிச்சென்று இருக்கின்றன. வீட்டுச் சுவர்களின் செங்கல் நிறம் அதற்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. "இத்தனை பெரிய குளிருக்கு நடுவே வெப்ப நிறத்தை ஓவியர் ஒரே மூலையில் சிறிதளவு மட்டும் வைத்திருக்கிறார், வேட்டைக்காரர்களோ அந்தத் தீயின் பக்கம் திரும்பாமல் அதைக் கடந்து போகிறார்கள்" என்று எழுதினால் நிறமும் பொருளும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும்.

வெளிர்மைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாட்டையும் நிறத்தோடு சேர்த்தே எழுதலாம். வேட்டைக்காரர்கள் கருமையாக, பின்னால் பனி வெண்மையாக இருப்பதால்தான் தூரத்திலிருந்து பார்த்தாலும் அவர்களுடைய உருவம் துண்டாகத் தெரிகிறது. பள்ளத்தாக்கில் சறுக்கி விளையாடுபவர்களும் அதே போல வெளிர்ப் பனிக்கட்டியின்மேல் கரும்புள்ளிகள்தான். இரண்டு கூட்டத்தையும் ஒரே முறையில் வரைந்து, அளவை மட்டும் மாற்றியிருக்கிறார்.

அச்சில் நிறம் மாறிவிடுகிறதே? என் புத்தகத்தில் வானம் பச்சை, நண்பன் புத்தகத்தில் நீலம்.

மிகவும் நியாயமான கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. ஒரே ஓவியத்தின் படங்கள் புத்தகத்துக்குப் புத்தகம், திரைக்குத் திரை மாறும். ஆகவே ஒரு நிறத்தைத் துல்லியமாகப் பெயரிடுவதைவிட நிறங்களுக்கு இடையிலான உறவை எழுதுங்கள். வானம் பச்சையாகவோ நீலமாகவோ தெரியட்டும். அது பனிக்கட்டியின் நிறத்தோடு ஒத்துப்போகிறது என்பது இரண்டு புத்தகத்திலும் மாறாது. தீதான் படத்திலேயே வெப்பமான நிறம் என்பதும் மாறாது.

அளவும் ஏமாற்றும். மூல ஓவியம் சுமார் 117 செ.மீ. உயரமும் 162 செ.மீ. அகலமும் உடைய மரப்பலகை. உங்கள் கேள்வித்தாளில் அது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அருங்காட்சியகத்தில் பார்ப்பவருக்குத் தெரியும் பல சிறு செயல்கள் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அது உங்கள் குறையல்ல. தெரியாததை ஊகித்து எழுதாமல் இருந்தால் போதும். குறிப்பாக "தூரிகைத் தடம் தடித்திருக்கிறது", "வண்ணம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கிறது" போன்றவற்றை வழவழப்பான அச்சுத்தாளைப் பார்த்து எழுதவே கூடாது.

கறுப்பு வெள்ளையில் அச்சடித்துக் கொடுத்தால் நிறப்பெயர்களை விட்டுவிட்டு வெளிர்மை, கருமை, இடைச்சாயல் என்று எழுதுங்கள். சொல்லப்போனால் இந்த ஓவியம் கறுப்பு வெள்ளையிலும் பெரும்பாலும் தாங்கும். தீ மட்டும் தன் வலுவை இழந்துவிடும். ஓரம் வெட்டப்பட்ட படமா என்பதையும் பாருங்கள். காட்சியமைப்பைப் பற்றி எழுதும்போது இடது ஓரத்திலுள்ள விடுதி இல்லாத படத்தை முழுப் படம் என்று நினைத்துவிடக் கூடாது.

காட்சியமைப்பு என்றால் சமநிலை, மையம் என்றெல்லாம் எழுத வேண்டுமா?

அந்தச் சொற்கள் வேண்டுமானால் வரட்டும், ஆனால் வேலை அவற்றில் இல்லை. எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அங்கே வைத்ததால் நம் பார்வைக்கு என்ன நேர்கிறது, இதுதான் காட்சியமைப்பு.

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்று கேளுங்கள். இந்த ஓவியத்தில் நாம் மேட்டின்மேல், வேட்டைக்காரர்களுக்குச் சற்றுப் பின்னால், உயரத்தில் நிற்கிறோம். அடிவானம் படத்தின் மேற்பகுதியில் இருக்கிறது. அதனால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரிகிறது. அவர்கள் முதுகைக் காட்டுவதால் அவர்கள் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம்.

அடுத்து கனம். இடப்பக்கம் விடுதி, ஆட்கள், நாய்கள், தடித்த மரங்கள் என்று நெருக்கமாக இருக்கிறது. வலப்பக்கமோ வெறும் வெளி. இது ஒருபக்கமாகச் சாய்ந்துவிட வேண்டும், ஆனால் சாயவில்லை. வலப்பக்கத்தின் மேலே கூரிய மலைகளும், விரிந்த சிறகோடு அந்தப் பறவையும் இருக்கின்றன. கட்டைவிரலால் பறவையை மறைத்துப் பாருங்கள். வானத்தின் அந்தப் பகுதி ஓட்டையாகிவிடும், மலைக்கும் மரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். விரலை எடுத்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பிறகு மரங்களை மறைத்துப் பாருங்கள். பள்ளத்தாக்கு அவ்வளவு தூரத்தில் இருப்பதாகவே தோன்றாது. ஏனென்றால் தூரத்தை அளந்து காட்டும் படிகள் அந்த மரங்கள்தான்.

இப்படி மறைத்துப் பார்ப்பது தேர்வறையிலும் செய்யக்கூடிய சோதனை. ஒன்றை மறைத்தால் படம் மாறுகிறது என்றால் அதைப் பற்றி எழுதுங்கள், மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கண் போகும் வழி. நாய்கள், வேட்டைக்காரர்கள், மரங்கள், அங்கிருந்து சரிவில் இறங்கிக் குளம், குளத்தைத் தாண்டிக் கூரைகள், தேவாலயம், மலை, பறவை, பறவையிலிருந்து கிளைகள் வழியாக மறுபடி மேடு. இந்தச் சுற்றை விடையில் ஒரு வாக்கியமாக எழுதலாம்.

பொருளை எப்படிச் சொல்வது? ஆசிரியர் நினைக்கும் விளக்கம்தான் சரியா?

ஒரே சரியான விளக்கம் என்று ஒன்றில்லை. ஆனால் படம் தாங்காத விளக்கம் உண்டு. "வேட்டையில் வென்று மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள்" என்று எழுதினால் படமே உங்களை மறுக்கும். இத்தனை பேரும் இத்தனை நாய்களும் சேர்ந்து கொண்டுவருவது ஒரு நரி. யாரும் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

தாங்கக்கூடிய இரண்டு விளக்கங்களைச் சொல்கிறேன். ஒருவர் இதைக் கடுங்குளிர் காலத்தின் வறுமைப் படமாக வாசிக்கலாம். குறைந்த வேட்டை, கழன்று தொங்கும் பலகை, இலையற்ற மரத்தில் உட்கார்ந்திருக்கும் கரும்பறவைகள், தீயின் அருகே இருப்பவர்கள் வந்தவர்களைத் திரும்பியும் பார்க்காதது, இவை அவருக்குச் சான்று. இன்னொருவர், குளிர் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் ஊர் தன்பாட்டில் இயங்குவதைக் காட்டும் படமாக வாசிக்கலாம். பனிக்கட்டியில் விளையாடுபவர்கள், பாலத்தின்மேல் விறகு சுமந்து போகும் பெண், கண்ணை மேட்டிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறக்கிக் கொண்டுபோகும் அந்தச் சாய்கோடு, இவை இவருக்குச் சான்று. என் மனம் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. களைத்தவர்களையே மட்டும் காட்ட நினைத்திருந்தால் படத்தில் இத்தனை பெரிய இடத்தைப் பள்ளத்தாக்குக்குக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் விளக்கத்தைச் சான்றோடு எழுதிய மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஓவியர் வரலாறு எவ்வளவு எழுத வேண்டும்?

படத்தில் தெரியும் ஒன்றை விளக்குமளவுக்கு மட்டும். உதாரணமாக, புரூகல் வாழ்ந்த நெதர்லாந்துப் பகுதி சமதரை. அப்படியானால் இந்தக் கூரிய மலைகள் எங்கிருந்து வந்தன? அவர் 1550-களின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் போய் வந்தவர். ஆகவே இது ஒரே இடத்தைப் பார்த்து வரைந்த காட்சியல்ல, பல இடங்களைச் சேர்த்துக் கட்டிய காட்சி. இந்தத் தகவல் காட்சியமைப்பைப் புரியவைக்கிறது, எழுதலாம். ஆண்ட்வெர்ப் வணிகர் நிக்கலாஸ் யோங்கெலிங்குக்காக வரைந்த பருவகால வரிசையில் இது ஒன்று என்பதும், அந்த வரிசையில் இன்று 5 ஓவியங்கள் மிஞ்சியிருக்கின்றன என்பதும் உதவும். குளிர்காலமே இங்கே கதாநாயகன் என்று சொல்ல அது ஆதாரம். பிறந்த ஊர், திருமணம் எல்லாம் இந்த விடைக்குத் தேவையில்லை.

ஒரு மாதிரி விடை காட்ட முடியுமா?

நடுத்தர நீளத்தில் ஒன்று:

"பனி மூடிய ஒரு மேட்டிலிருந்து மூன்று வேட்டைக்காரர்கள் நாய்களோடு ஊருக்குத் திரும்புகிறார்கள். கீழே உறைந்த குளங்களில் மக்கள் விளையாடுகிறார்கள். மேட்டின் விளிம்பு இடமிருந்து வலமாகச் சரிந்து படத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மரவரிசையின் சாய்வு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நம் பார்வையைப் பள்ளத்தாக்குக்குள் கொண்டுபோகிறது. கறுத்த செங்குத்துத் தண்டுகள் வர வரச் சிறுத்து ஆழத்தை உண்டாக்குகின்றன. வானத்தின் நிறமே பனிக்கட்டியிலும் வருவதால் குளிர் எங்கும் பரவியிருக்கிறது. விடுதி வாசலின் சிறு தீயில் மட்டுமே வெப்ப நிறம் பளிச்சிடுகிறது, வேட்டைக்காரர்கள் அதைக் கடந்து போகிறார்கள். கனமான இடப்பக்கத்தை வலப்பக்க மலைகளும் பறவையும் ஈடுசெய்கின்றன. முதுகைக் காட்டும் உருவங்கள் நம்மையும் அவர்களோடு நிற்கவைக்கின்றன. ஒரே ஒரு நரியும் தாழ்ந்த தலைகளும் அவர்களின் களைப்பைச் சொல்ல, கீழே நடக்கும் விளையாட்டு ஊரின் உயிர்ப்பைச் சொல்கிறது. குளிரின் கடுமையையும் அதற்குள் தொடரும் வாழ்க்கையையும் ஓவியர் ஒரே பார்வையில் காட்டுகிறார்."

கோடு, நிறம், காட்சியமைப்பு என்று தலைப்புப் போட்டுப் பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வியில் பிரித்து எழுதச் சொன்னால் பிரிக்கலாம். சொல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றுக்குள் ஓடட்டும்.

நம் நாட்டுச் சிற்றோவியங்களில் இப்படி ஆழமோ தூரமோ இருக்காதே. அவற்றுக்கும் இதே முறையா?

முறை அதே. ஆனால் மூன்றில் எது அதிக வேலை செய்கிறது என்பது மாறும். 12-ஆம் வகுப்பு சிபிஎஸ்இ ஓவியப் பாடத்தில் உள்ள கிஷன்கட் பாணி ராதை, அதாவது நிஹால் சந்த் வரைந்த "பணி தணி"யை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மரவரிசையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. பக்கவாட்டில் ஒரு முகம், பின்னால் ஏறக்குறைய வெறுமையான கருநிறப் பரப்பு. ஆகவே காட்சியமைப்பைப் பற்றி இரண்டு வாக்கியம் போதும்: வெறுமையான பின்புலம் பார்வையை முகத்தைவிட்டு வெளியே போக விடுவதில்லை.

ஆனால் கோட்டுக்கு அங்கே பாதி விடையையே கொடுக்கலாம். வளைந்து நீளும் புருவம், அதற்கு இணையாக மேல்நோக்கி இழுக்கப்பட்ட கண், கூரிய மூக்கு, காதருகே சுருண்டு இறங்கும் முடிக்கற்றை, எல்லாமே ஒரே வகை வளைகோட்டின் வெவ்வேறு நீளங்கள். தலையை மூடிய மெல்லிய முக்காட்டின் ஓரமும் அதே வளைவைப் பெரிதாகச் சொல்கிறது. புரூகலிடம் தூரத்தை அளக்கப் பயன்பட்ட கோடு இங்கே ஒரு முகத்தை இலட்சிய வடிவத்துக்கு இழுக்கிறது. நிஜத்தில் எந்தக் கண்ணும் அவ்வளவு நீளமில்லை. அந்த மிகைதான் விளக்கத்துக்கான உங்கள் சான்று. அது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் முகச்சாயலா, ராதை என்ற இலட்சியமா என்ற விவாதத்தை அந்தக் கண்ணிலிருந்தே தொடங்கலாம்.